செயற்கைக் கண்ணைத் தினமும் கழற்ற வேண்டுமா?

கேள்வி:

எனக்கு வயது 36. கோயம்புத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. போன வருடம் கிரைண்டிங் வீலில் டூல் பிட் தீட்டிக்கொண்டிருந்தபோது இரும்புச் சில்லு வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. காப்பாற்ற முடியாது என்று ஒரு வாரத்துக்குள் கண்ணை எடுத்துவிட்டார்கள். உள்ளே ஓர் உருண்டை வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அளவெடுத்துச் செயற்கைக் கண் பொருத்தினார்கள். சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும், அவ்வளவு பொருத்தம்.

தினமும் ராத்திரி அதைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, டம்ளர் தண்ணீரில் போட்டுவைக்கிறேன். அம்மாவின் பல்செட்டை அப்படித்தான் வைப்போம். இவ்வளவு சுத்தமாக வைத்தும் காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, பகல் முழுக்கப் பீளையைத் துடைத்தபடி இருக்கிறேன். இன்னும் எப்படிச் சுத்தம் செய்வது? ஒரு கண் போனால் மற்றதும் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா? இடது கண்ணைச் சோதித்துவிட்டு 6/6 இருக்கிறது, கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார்.

பதில்:

இன்னும் அதிகமாகச் சுத்தம் செய்ய வேண்டாம். இப்போது செய்வதே அதிகம். நீங்கள் படும் தொல்லையில் பாதியாவது அந்த ராத்திரி வேலையால் வருவது என்றே நினைக்கிறேன்.

உள்ளே இருப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தைத்து வைத்த உருண்டை பெரியவர்களுக்குச் சுமாராக 20 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். கண்ணை அசைத்த தசைகள் அதைச் சுற்றி இருப்பதால் அது கொஞ்சம் அசையும். அதற்கு மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஈரமான சவ்வு மூடியிருக்கிறது. நீங்கள் கழற்றி மாட்டுவது அந்தச் சவ்வின் மேல் உட்காரும் அக்ரிலிக் ஓடு மட்டுமே. கண் போனாலும் கண்ணீர்ச் சுரப்பி போகவில்லை, சவ்வில் சளி சுரக்கும் செல்களும் போகவில்லை. அதனால் கொஞ்சம் பீளை என்றைக்கும் இருக்கும். காலையில் வெள்ளையாகவோ நூல் போலவோ வருவது நோய் அல்ல.

பல்செட்டை ராத்திரி கழற்றுவது ஈறுக்கு ஓய்வு கொடுக்க. கண்குழிக்கு அப்படி ஓய்வு தேவையில்லை. இமைக்குப் பின்னால் மேலும் கீழும் சவ்வு மடிந்து பள்ளமாக இருக்கும். ஓடு நிற்பது அந்தப் பள்ளங்களில்தான். ஓடு வெளியிலேயே கிடந்தால் பள்ளம் சுருங்க ஆரம்பிக்கும். ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வாரக்கணக்கில் கழற்றி வைத்துவிட்டு, பிறகு ஓடு உள்ளே நிற்கவில்லை என்று வருபவர்கள் உண்டு. அந்தச் சுருக்கத்தைச் சரிசெய்ய மறுபடி அறுவை வேண்டியிருக்கும். ஆகவே தூங்கும்போதும் குளிக்கும்போதும் அது உள்ளேயே இருக்கட்டும்.

இனி பீளைக்கு வருவோம். புதிதாகக் கழுவிய அக்ரிலிக்கில் கண்ணீர் சரியாகப் பரவாது. சில நாட்கள் உள்ளே இருந்தால் கண்ணீரிலுள்ள புரதம் மெல்லிய படலமாகப் படிந்து, ஓடும் சவ்வும் வழுவழுப்பாக உரசிக்கொள்ளும். தினமும் அந்தப் படலத்தைத் துடைத்தெடுத்தால் தினமும் காய்ந்த பரப்பில் சவ்வு உரசி, எரிச்சலில் இன்னும் சளி சுரக்கும். கழற்றி மாட்டும்போது விரலில் இருப்பதும் உள்ளே போகும். நியூசிலாந்தில் கீத் பைன் என்ற செயற்கைக் கண் நிபுணரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்பவர்களுக்கே பீளைத் தொல்லை அதிகமாக இருந்தது. பீளை வருவதால்தான் அவர்கள் அடிக்கடி கழற்றினார்கள் என்றும் இதைப் படிக்கலாம், அது நியாயமான சந்தேகம். ஆனால் கழற்றுவதைக் குறைத்ததும் நிம்மதியானவர்களை என் புறநோயாளிப் பிரிவிலேயே பார்க்கிறேன். அதற்காக வருடக்கணக்கில் தொடாமலும் விடக்கூடாது. படலம் தடித்துக் கெட்டியானால் அதுவே உறுத்தும். வேறு தொல்லை இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும்.

ஸ்பிரிட்டை இன்றே நிறுத்துங்கள். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும், அவற்றில் அழுக்கு தங்கும். டெட்டால், கொதிநீர், பற்பசை, பிரஷ் எதுவும் வேண்டாம். கழற்றும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மேசை மேல் மடித்த துண்டை விரித்து அதன் மேல் குனிந்து செய்யுங்கள். ஓடு சிமென்ட் தரையில் விழுந்தால் கீறிவிடும், வாஷ்பேசினில் விழுந்தால் குழாயோடு போய்விடும். மேலே பார்த்தபடி கீழிமையைக் கீழே இழுத்து, ஓட்டின் கீழ் விளிம்புக்கு அடியில் மெல்ல அழுத்தினால் அது இமை மேல் வழுக்கி வெளியே வரும். குழந்தைகள் சோப்பும், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரும் போதும். ஈரமான மெல்லிய துணியால் மினுக்கம் வரும்வரை தேய்த்து, சோப்பு துளியும் இல்லாமல் அலசுங்கள். மாட்டும்போது மேல் விளிம்பை மேலிமைக்கு அடியில் முதலில் செலுத்திவிட்டுக் கீழிமையை இழுத்துவிட்டால் தானே உட்காரும்.

இடையில் உறுத்தினாலும் காய்ந்ததுபோல் இருந்தாலும் கழற்ற வேண்டியதில்லை. கண் ஈரப்பசைக்கான சொட்டு மருந்தை ஓட்டின் மேலேயே விடலாம். பட்டறைத் தூசி விழுந்தால் கிருமி நீக்கிய உப்புநீரால் அலசுங்கள், ஓடு உள்ளேயே இருக்கட்டும். துடைக்கும்போது இமையை மூடிக்கொண்டு, காதுப்பக்கத்திலிருந்து மூக்கை நோக்கித் துடையுங்கள். எதிர்த்திசையில் இழுத்துத் துடைத்தால் ஓடு திரும்பிக்கொள்ளும், சில நேரம் வெளியேயும் வந்துவிடும். மருந்துக்கடையில் பீளைக்கென்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை நீங்களாகப் போட வேண்டாம்.

இப்படி ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ நாள் முழுக்க வந்தாலும், நாற்றம் அடித்தாலும், வலித்தாலும் அந்த ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. ரத்தம் கலந்து வந்தால் சவ்வில் சதை வளர்ந்திருக்கலாம், அல்லது சவ்வு விலகி உள்ளே இருக்கும் உருண்டை வெளியே தெரியலாம். நன்றாக உட்கார்ந்திருந்த ஓடு திடீரென்று நழுவ ஆரம்பித்தாலும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் மேலிமைக்கு அடியில் அரிப்பும் சளியும் மட்டும் தொடர்ந்தால், ஓட்டின் மேல் கீறல் விழுந்து இமையின் உட்பக்கம் பொரிப்பொரியாகத் தடித்திருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த உங்கள் ஓட்டில் இதற்கு வாய்ப்பு உண்டு. ஓட்டைச் செய்தவரிடம் கொடுத்து மெருகேற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எப்படியும் வருடம் ஒருமுறை மெருகேற்ற வேண்டும். சுமார் ஐந்து வருடத்தில், குழி மாறியிருந்தால் அதற்கும் முன்பே, புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

இனி இடது கண். இந்தப் பதிலில் உங்களுக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

ஒரு கண் போனால் மற்றதும் போகும் என்பது முழுக் கட்டுக்கதை அல்ல. கண் கிழியும் காயத்தில், உள்ளே இருக்கும் நிறமிப் படலம் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அறிமுகமாகிறது. அது அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு, காயமே படாத மற்றக் கண்ணையும் தாக்கக்கூடும். பிரெய்ல் எழுத்தைத் தந்த லூயி பிரெய்ல், 1812-ல் மூன்று வயதில், தந்தையின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். பிறகு இரண்டு கண்ணும் போனது. அதற்குக் காரணம் இந்த நோய்தான் என்று கருதப்படுகிறது. ஆனால் இது அரிது. காயப்பட்ட கண்ணை இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் குறையும் என்பது நெடுநாள் மருத்துவ வழக்கம், உங்களுக்கு ஒரு வாரத்துக்குள் எடுத்திருக்கிறார்கள். வந்தாலும் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வந்துவிடும். இன்று ஸ்டீராய்டு மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் ஆரம்பித்தால் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது. அபூர்வமாகப் பல வருடம் கழித்தும் வருவதால், இடது கண் வெளிச்சத்தைக் கண்டு கூசினாலோ, சிவந்தாலோ, கிட்டத்தில் இருப்பது மங்கினாலோ, புள்ளிகள் மிதந்தாலோ, அன்றே கண் மருத்துவரிடம் போய் வலது கண்ணை எடுத்த கதையை முதலில் சொல்லுங்கள்.

நான் அஞ்சுவது இந்த நோயை அல்ல, இன்னொரு சில்லை. கண்ணாடி வேண்டாம் என்று உங்களிடம் சொன்னது பவரைப் பற்றி மட்டும்தான். பவர் இல்லாவிட்டாலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி அணியுங்கள். வீட்டிலும் அணிய வேண்டும், குழந்தையின் விரலும் தெறிக்கும் கடுகும் அங்கேதான் இருக்கின்றன. லென்ஸ் பாலிகார்பனேட்டில் இருக்க வேண்டும், நடுவில் குறைந்தது 2 மில்லிமீட்டர் கனம் வேண்டும். கடையில் இந்த இரண்டையும் சொல்லிக் கேளுங்கள், சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் அடி தாங்காது. ஃப்ரேம் உறுதியாக, முகத்தை ஒட்டி இருக்கட்டும்.

பட்டறையில் அது மட்டும் போதாது. கிரைண்டிங் வீலுக்கு முன்னால் பக்கமும் மூடிய கண்காப்புக் கவசமும் அதன் மேல் முகத்தடுப்பும் வேண்டும். முகத்தடுப்பு மட்டும் போட்டால் தாடைக்குக் கீழிருந்து பொறி மேலே ஏறும். வெல்டிங் செய்தால், பற்றவைக்கும்போது எல்லோரும் முகமூடியைப் பிடிக்கிறார்கள். முகமூடியைத் தூக்கிவிட்டுக் கசடைச் சுத்தியலால் தட்டும்போதுதான் சில்லு தெறிக்கிறது. முகமூடிக்கு உள்ளேயும் கண்ணாடி இருக்க வேண்டும். பக்கத்து மெஷினில் மற்றவர் தீட்டும்போதும் அணிந்திருங்கள். வலப்பக்கம் வருவது உங்களுக்குத் தெரியாது என்பதால் ஆட்கள் நடமாடும் வழி இடப்பக்கம் அமையும்படி நின்றுகொள்ளுங்கள். இதற்கெல்லாம் முதலாளி சம்மதித்தால் வேலைக்குப் போகலாம். சம்மதிக்காவிட்டால் அந்த வீலுக்கு முன்னால் நிற்காதீர்கள்.

இடது கண்ணுக்கு வருடம் ஒருமுறை பாப்பாவை விரித்து விழித்திரையையும், கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். மற்றவர்கள் அதோடு வண்டி எடுத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்றால், உங்களுக்கு அப்போது மாற்றுக் கண்ணே இல்லை. வீட்டார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓட்டை மெருகேற்றப் போகும்போது முந்தைய நாள் கழுவிவிட்டுப் போக வேண்டாம். படிவு எந்த இடத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான், எங்கே கீறல், எங்கே இமை சரியாக மூடவில்லை என்பதை ஓட்டைச் செய்தவர் கண்டுபிடிப்பார்.