கிலோவுக்கு எத்தனை அடி?

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் முதல் மண்டப ஆர்டர் பற்றி அம்மா சொன்னாள். மேடை 20 அடி, பின்னால் முழுக்க மஞ்சள் செண்டுமல்லிச் சரம், முன்னால் வளைவுத் தோரணம். அதற்கு எத்தனை கிலோ வாங்குவது, என்ன விலை சொல்வது என்று கேட்டிருக்கிறாய். பெண் வீட்டார் அவசரப்படுத்தினாலும் இன்றைக்கே தொகை எதுவும் சொல்லிவிடாதே. முதலில் அடியை எண்ணு.

மேடை 20 அடி என்றால் சரம் 20 அடி என்று ஆகாது. பின்புறம் அரை அடிக்கு ஒரு சரம் தொங்கவிடப் போகிறாய். இரண்டு ஓரத்துச் சரத்தையும் சேர்த்தால் 41 சரம் வரும். நாற்பது என்று எண்ணிப் போனால் மேடையேறிய பிறகு ஓரத்தில் ஒன்று குறையும். ஒவ்வொன்றும் 8 அடி, ஆக 328 அடி. முன்புறத்தை 4 அடிக்கு ஒரு வளைவாக ஐந்தாகப் பிரிக்கிறாய். நடுவில் 1 அடி தொய்வு விட்டால் 4 அடி இடைவெளிக்கு ஏறக்குறைய 4 அடி 7 அங்குலச் சரம் தேவைப்படும். தொய்வு கூடக் கூட நீளமும் ஏறும். மண்டபத்துக்குப் போகும்போது ஒரு கயிறு எடுத்துப் போ. இரண்டு பேர் பிடித்து வேண்டிய அளவு தொங்கவிட்டுப் பார்த்து, பிறகு கயிற்றை நீட்டி அளந்துவிடு. ஐந்து வளைவுக்கும் 23 அடி. மொத்தம் 351 அடி.

அடுத்ததுதான் எல்லாரும் வாய்க்கணக்கில் விடுகிற இடம்: ஒரு கிலோ பூ எத்தனை அடி போகும்? பத்து என்பார்கள், பதினைந்து என்பார்கள். அவரவர் வாங்கிய பூவுக்கு அவரவர் கணக்கு சரிதான், உன் பூவுக்கு அது பொருந்தாது. அதனால் மார்க்கெட்டில் எந்தக் கமிஷன் கடையில் வாங்கப் போகிறாயோ, அங்கே முன்கூட்டியே அரைக் கிலோ வாங்கி வந்து 3 அடிக்குக் கோர்த்துப் பார். காம்புப் பக்கம் ஊசியேற்றி, பூவின் நடுவில் வெளியே எடுத்து, ஒன்றையொன்று நன்றாக நெருக்கித் தள்ளு. பாயில் கிடத்தி அளக்காதே. ஆணியில் தொங்கவிட்டு அள. தொங்கும்போது பூ தன் பாரத்தில் கீழே இறங்கி நெருங்கும், மேலே இரண்டு விரல் அளவு வெறும் நூல் தெரியும். அந்த இடத்தையும் பூவால் நிரப்பிய பிறகுதான் அது 3 அடி. அப்படியே எடுத்துத் தராசில் வை.

250 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் கிலோவுக்கு 12 அடி. 351 அடிக்கு 29 கிலோவும் கொஞ்சமும். ஆனால் மூட்டையில் வரும் பூவெல்லாம் சரத்தில் ஏறாது. நசுங்கியது, இதழ் உதிர்ந்தது, காம்பு ஒடிந்து ஊசி நிற்காதது என்று கிலோவுக்கு 150 கிராம் கழித்துக்கொள். அப்போது 35 கிலோ வாங்க வேண்டும்.

மழை நாளில் இந்தக் கழிவு இன்னும் கூடும். பல வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி முகூர்த்தத்துக்கு, மாதிரி கோர்த்துப் பார்க்காமல், போன மாதத்துக் கணக்கை வைத்து வாங்கினேன். பூ நனைந்திருந்தது. தண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தேன். மூட்டையின் நடுவே பூ சூடேறி, அடியிதழ் பழுப்பாகி வழவழவென்று இருந்தது. கோர்த்துக்கொண்டே வந்தால் இரவு 2 மணிக்குப் பூ தீர்ந்துவிட்டது, இன்னும் 70 அடி பாக்கி. அந்த நேரத்தில் எங்கே போய் வாங்குவது? வலப்பக்கச் சரங்களை விலக்கி விலக்கிக் கட்டினோம். தாலி கட்டும் போட்டோவில் பெண்ணுக்குப் பின்னால் திரைத்துணி தெரிந்தது. அந்தத் தாய் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால் நீ வாங்கும்போது மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பார். சூடாக இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் நீர் கசிகிறதா என்றும் பார். வீட்டுக்கு வந்ததும் குவித்து வைக்காமல் நிழலில் பரப்பிவிடு.

இப்போது விலைக்கு வருவோம். கிலோ 60 ரூபாய் என்றால் 35 கிலோவுக்கு 2,100. அதுவே முகூர்த்தத்துக்கு முதல்நாள் 120 ஆகிவிட்டால் 4,200. இதை நீ தடுக்க முடியாது, உன் கைக்காசிலிருந்து தாங்கவும் கூடாது. மொத்தமாக ஒரு தொகை சொல்லாமல் பூவைத் தனியாக, கூலியைத் தனியாகச் சொல். பூ அன்றைய மார்க்கெட் விலை, கிலோ இவ்வளவுக்கு மேல் போனால் சரத்தை முக்கால் அடி இடைவெளிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் கேட்டால்தான் சண்டை.

கூலியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கல்யாணமான புதிதில் நான் ஒரு கடைக்குக் கிலோக் கணக்கில் கோர்த்துக் கொடுத்தவள். பெரிய பூ என்றால் ஓர் அடிக்குப் பன்னிரண்டு போதும். சின்னப் பூ பதினாறு வேண்டும். கோர்க்கிற கைக்கு ஒவ்வொரு பூவும் ஒரு குத்துத்தான், பூவின் பாரம் கைக்குக் கணக்கில்லை. சின்னப் பூ வந்த நாளில் அதே எடைப் பூவுக்கு இன்னும் அதிக நேரம் உட்கார்ந்து, அதே காசை வாங்கி வருவேன். கடைக்காரருக்கோ கிலோவுக்கு இன்னும் மூன்றடி கூடுதலாகக் கிடைத்திருக்கும். பூ சின்னதானால் கடைக்கு லாபம், கைக்கு நஷ்டம். அதனால் கூலியை அடிக்குப் பேசு, பூ சின்னதாக வந்தால் அடிக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடு.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நேரத்தையும் பார். பழகின கை 3 அடியை ஐந்து நிமிஷத்தில் கோர்க்கும். ஆனால் இரவு முழுக்க அந்த வேகம் நிற்காது. பூ பொறுக்க, நூல் கோர்க்க, டீ குடிக்க எல்லாம் சேர்த்து மணிக்கு 30 அடி என்று வை. 351 அடிக்கு ஏறக்குறைய 12 மணி நேர வேலை. நாலு பேர் உட்கார்ந்தால் 3 மணி நேரம். அடிக்கு 4 ரூபாய் என்றால் கூலி 1,404. பூ விலை பாதியாகக் குறைந்தாலும், இரண்டு மடங்கானாலும் இந்த 1,404 மாறாது. "பூதான் இன்றைக்கு மலிவாச்சே" என்று பெண் வீட்டில் கேட்டால், பூவில் குறைத்துக்கொள், கூலியில் கை வைக்காதே. மேடையில் ஏணி போட்டுக் கட்டும் இருவர் கூலியும் வண்டி வாடகையும் வேறு; அவற்றையும் காகிதத்தில் தனித்தனி வரியாக எழுது. உன் லாபம் கடைசி வரி.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. 8 அடிச் சரம் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பாரம் இருக்கும். ஒற்றை நூல் போட்டால் விடியற்காலையில் அறுந்து விழும். இரட்டை நூல் போடு, அடியில் முதல் பூவுக்குக் கீழே பெரிய முடிச்சு.

நாளைக் காலை நிலக்கோட்டைக்குப் போகிறேன், வரும்போது உனக்கும் அரைக் கிலோ எடுத்து வருகிறேன். நம் கடையில் தராசு இருக்கிறது. வந்து 3 அடி கோர்த்து எடை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பெண் வீட்டுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை