ராயல்டிக்கு எந்த இடம்?

காஸ்ட் ஷீட் கணக்கில் ராயல்டின்னு பார்த்ததும் கை தானா பிரைம் காஸ்ட்டுக்குப் போகுதா? கொஞ்சம் நிறுத்து. அந்த வரியில் "தயாரித்த ஒவ்வொன்றுக்கும்" என்று இருக்கா, "விற்ற ஒவ்வொன்றுக்கும்" என்று இருக்கா, அதை முதலில் பாரு.

ஒரு கிரைண்டர் பட்டறையை எடுத்துக்கோ. ஆரம்பக் கையிருப்பு இல்லை. இந்த மாதம் 2,000 கிரைண்டர் செய்து, 1,800 விற்றிருக்காங்க. டிசைன் கொடுத்தவருக்கு ஒன்றுக்கு 20 ரூபாய் ராயல்டி. தயாரிப்புக்கு என்றால் 40,000 ரூபாய். அது நேரடிச் செலவு, பிரைம் காஸ்ட்டில் சேரும். விற்காமல் நிற்கும் 200 கிரைண்டரும் தன் பங்கு 4,000 ரூபாயைச் சுமக்கும். அது சரிதான்.

விற்பனைக்கு என்றால் 36,000 ரூபாய். இது விற்பனைச் செலவுகளோடு, குளோசிங் ஸ்டாக்கைக் கழித்த பிறகுதான் வரணும். இதைத் தூக்கி பிரைம் காஸ்ட்டில் வைத்தால் பத்தில் ஒரு பங்கு, 3,600 ரூபாய், ஸ்டாக்கில் போய் ஒளிந்துகொள்ளும். லாபம் அந்த அளவுக்குக் கூடித் தெரியும். நான் படிக்கும்போது இந்தத் தப்பை இரண்டு தடவை பண்ணியிருக்கேன். கூட்டல் எல்லாம் சரியா வந்துடும், அதனால் கண்ணிலேயே படாது. சரிபார்க்க ஒரே வழி, ஸ்டாக் மதிப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான். விற்காத பொருளுக்குள்ளே விற்பனை ராயல்டி உட்கார்ந்திருந்தால் இடம் மாறிப்போச்சு.

மொத்தமா ஒரே தடவை கொடுத்த ராயல்டியா? ஒரு மாதத் தலையில் கட்டாதே. ஒப்பந்தக் காலத்தில் எவ்வளவு உற்பத்தி எதிர்பார்க்கிறாங்களோ, அதன் மேல் பரப்பு.

ஆர் அண்ட் டி-யிலும் கேட்கவேண்டியது ஒன்றுதான்: யாருக்காகச் செய்தது? இப்போ ஓடும் கிரைண்டரின் சத்தத்தைக் குறைக்க 30,000 ரூபாய் செலவானால், ஒர்க்ஸ் காஸ்ட்டுக்குப் பிறகு, உற்பத்திச் செலவில் சேர்த்துடு. ஒன்றுக்கு 15 ரூபாய். புது மாடலுக்கான 3 லட்சத்தை மட்டும் இதில் கலக்காதே, இந்தக் கிரைண்டர் வாங்குபவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. தள்ளிவைத்து, மாடல் வந்ததும் அதன் மேல் ஏற்று. கைவிட்டுட்டாங்கன்னா காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

ப்ரீ-புரொடக்‌ஷன் செலவும் இதே குணம்தான். புது லைன் ஓட்டிப் பார்க்க 1,25,000 ரூபாய் ஆச்சு, அந்தச் சோதனையில் வந்த சரக்கை விற்று 5,000 கிடைத்தது என்று வை. அதை முதலில் கழி, நிறையப் பேர் மறப்பது இங்கேதான். மீதி 1,20,000-ஐ எதிர்பார்க்கும் 24,000 கிரைண்டருக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 5 ரூபாய். இந்த மாதத்துக்கு 10,000 ரூபாய்தான் ஏறும்.

அந்த 24,000 வெறும் மதிப்பீடு. ஆர்டர் குறைந்தால் 5 ரூபாயையே பிடித்துத் தொங்காதே. மீதித் தொகையை மீதி எண்ணிக்கையால் வகுத்து, அடுத்த மாதத்திலிருந்து புது விகிதம் போடு.