பள்ளி திறக்கும் முன் ஒரு பைக்கடை: அக்காவின் டிப்ஸ்

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் பை, நோட்டுக் கடை போடப் போகிறாயா தங்கச்சி? சரக்கு எடுக்கும் முன்னால் அக்கம்பக்கத்து அம்மாக்களிடம் பேசு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு நோட்டு, பை இரண்டுமே இலவசமாகக் கிடைத்துவிடும். தனியார் பள்ளிகளிலும் சில, நோட்டைப் பள்ளியிலேயே வாங்கச் சொல்லும். அப்படிப்பட்ட தெருவில் நோட்டைக் குவித்தால் அப்படியே கிடக்கும். பை, பிரவுன் ஷீட், லேபிள், பென்சில் பாக்ஸ்தான் போகும்.

பணம் மாட்டிக்கொள்வது பையில்தான். 300 ரூபாய் வீதம் 40 பை எடுத்தால் முதல் 12,000. ஒன்றை 450-க்கு விற்றால், 27-வது பை போகும்போதுதான் போட்ட காசு கைக்கு வரும். லாபம் மிச்சமுள்ள 13 பையில்தான் இருக்கிறது. அவை விற்காமல் நின்றால் இத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்ததற்குக் கூலிகூட இல்லை. அதனால் முதலில் 20 மட்டும் எடு. எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி போ. கார்ட்டூன் படம் போட்ட பை கொஞ்சம் போதும். இந்த வருஷப் பொம்மையை அடுத்த வருஷம் எந்தக் குழந்தையும் சீண்டாது. கறுப்பு, நீலம் என்றால் எடுத்து வைத்துக்கூட விற்கலாம்.

மொத்தக் கடையில் ஒவ்வொரு பையையும் திறந்து பார். ஜிப்பை மூலை வளைவில் நாலு தடவை இழு. மக்கர் செய்தால் அங்கேதான் செய்யும். தோள்வார் பையோடு சேருமிடத்தில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஒற்றைத் தையல் என்றால் புத்தகச் சுமையில் பிய்ந்து, இரண்டே வாரத்தில் வாங்கினவர் உன் வாசலில் நிற்பார். பக்கவாட்டுப் பையில் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் நுழைகிறதா என்றும் பார். விற்கும்போது அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

நோட்டில் லாபம் குறைவு, ஆனால் கெட்டுப்போகாது. மிஞ்சினால் காலாண்டுப் பரீட்சை வரை வீட்டிலிருந்தே விற்கலாம். வாங்கும்போது இங்க் பேனாவால் ஒரு வரி எழுதித் திருப்பிப் பார். மை ஊறியிருந்தால் வேண்டாம். அட்டையையும் சேர்த்துப் பக்கம் கணக்குச் சொல்கிற நோட்டும் உண்டு, 192 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதே. நாலு கோடு, ரெட்டைக் கோடு, கோடு போடாதது எல்லாம் முதலில் கொஞ்சமாக இருக்கட்டும். பள்ளி திறந்து டீச்சர் லிஸ்ட் கொடுத்த அன்று சாயங்காலம்தான் அதற்குக் கூட்டம் வரும். கடையைத் திறப்பு நாளோடு மூட்டை கட்டாமல் இன்னும் ஒரு வாரம் வைத்திரு.

சாயங்கால மழைக்குத் தார்பாய் மட்டும் போதாது. நோட்டுக் கட்டு தரையில் இருந்தால் ஈரம் கீழிருந்து ஏறும், ஓரம் அலை அலையாகிவிடும். பலகை மேல் அடுக்கு.

மீதிப் பையைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று மொத்தக் கடைக்காரரிடம் சரக்கு எடுக்கும் நாளிலேயே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள். டேக் கழற்றக் கூடாது, கவர் கிழியக் கூடாது என்பார்; காட்சிக்கு இரண்டை மட்டும் தொங்கவிடு.