பிரெஞ்சுக்காரருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்: பதவி உயர்வுக்கும் ஓய்வுக்கும்



திருநெல்வேலிச் சீமையின் நிலாவரை இலையும் காயும் நமது தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போவது பழைய வழக்கம். பிரான்ஸில் அதை 'செனே' என்பார்கள். அங்கே கொள்முதல் பார்க்கும் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்தாலோ, அவர் ஓய்வு பெற்றாலோ, இரண்டு வரி எழுதத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் எழுதினாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் அவருடைய மொழியில், அவர்கள் முறைப்படி எழுதினால் அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. முறை தவறினால் ஒன்று விறைப்பாகிவிடும், அல்லது அளவு மீறிய உரிமையாகிவிடும். அதனால் அந்த அளவை இங்கே பார்ப்போம்.

முதலில் மரியாதைச் சொல். நமக்கு 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல அவர்களுக்கு 'த்யூ', 'வூ' என்று இரண்டு உண்டு. நாம் வயதையும் உறவையும் பார்த்துச் சொல்கிறோம். அவர்கள் முக்கியமாக நெருக்கத்தைப் பார்க்கிறார்கள். பத்து வருடம் கடிதப் போக்குவரத்து இருந்தாலும், அவர் வயதில் நம்மைவிட இளையவராக இருந்தாலும், வியாபாரத்தில் 'வூ' தான். அவராகவே 'த்யூ' என்று எழுத ஆரம்பித்த பிறகு நாமும் மாறலாம். நாம் முந்திக்கொள்ளக் கூடாது.

அடுத்தது அழைப்பு. நம் பக்கத்தில் 'அண்ணாச்சி' என்று ஒரு சொல் போட்டாலே மரியாதையும் அன்பும் சேர்ந்து வந்துவிடும். அதைப் பிரெஞ்சில் 'சகோதரரே' என்று பெயர்த்து எழுதினால் வாசிப்பவர் திகைப்பார். அங்கே முன்பின் பழகாதவருக்கு 'மெஸியூ' என்று மட்டும் எழுத வேண்டும். பழகியவருக்கு 'ஷேர் மெஸியூ'. இதன் பின்னால் அவருடைய பெயரைச் சேர்க்காமல் விடுவதே கடிதத்தில் பழைய முறை. பெண்மணிக்கு 'மதாம்', பழகியவர் என்றால் 'ஷேர் மதாம்'. திருமணம் ஆகாதவரைக் குறிக்கும் 'மத்முவாஸெல்' என்ற சொல்லை 2012-இல் பிரெஞ்சு அரசு தன் படிவங்களிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே எல்லோருக்கும் 'மதாம்' போதும்.

இப்போது ஓர் உதாரணம். மார்செய் நகரில் நம் இலையை வாங்கும் ஒருவர், ஆறு வருடமாகப் பழக்கம், கொள்முதல் இயக்குநராக உயர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் நான்கு வாக்கியமும் ஒரு முடிவுரையுமாக இருந்தால் போதும்.

'ஷேர் மெஸியூ' என்று தொடங்கி, முதல் வாக்கியம்: 'ஸெத் அவெக் க்ரான் ப்ளெஸீர் க ழே அப்ரி வோத்ர நோமினாசியோன்.' தங்கள் நியமனத்தை மிக்க மகிழ்ச்சியுடன் அறிந்தேன் என்று பொருள். 'ப்ரொமோசியோன்' என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் அந்த நாட்டுக் கடைகளில் தள்ளுபடிச் சரக்கின்மேல் தொங்கும் அட்டையிலும் இதே சொல்தான் இருக்கும். இயக்குநர் போன்ற பெரிய பதவிக்கு 'நோமினாசியோன்' கம்பீரமாக இருக்கும்.

இரண்டாவது: 'ழ வூஸ் அத்ரெஸ் தூத் மே ஃபெலிசித்தாசியோன்.' எனது முழுப் பாராட்டுகளையும் தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் அன்பு இருக்கிறது: 'வூஸ் அவே தூழூர் எதே ழ்யூஸ்த் அவெக் நூ.' தாங்கள் எப்போதும் எங்களிடம் நியாயமாக நடந்துகொண்டீர்கள். நாம் உறவுச் சொல்லால் காட்டும் நெருக்கத்தை, அவர்கள் இப்படி நடந்த உண்மை ஒன்றைச் சொல்லிக் காட்டுகிறார்கள். 'மாபெரும் மேதை', 'ஈடு இணையற்றவர்' என்று எழுதினால் முகத்துதியாகப் படும். ஈரம் பட்ட மூட்டைக்கு அவர் எவ்வளவு கழித்தார், எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பது நமக்கும் அவருக்கும் தெரியும். அதைத் தொட்டு ஒரு வரி எழுதினால், இது நமக்காக எழுதப்பட்ட கடிதம் என்று அவர் உணர்வார்.

நான்காவது: 'ழ வூ சுவெத் போகூ த சுக்ஸே தான் வோ நூவெல் ஃபோன்க்சியோன்.' புதிய பொறுப்பில் தாங்கள் பெருவெற்றி பெற வாழ்த்துகிறேன். நாம் வழக்கமாக எழுதும் 'இறைவன் அருளால்' என்பதை இங்கே விட்டுவிடலாம். அவர்கள் வியாபாரக் கடிதத்தில் அதை எழுதுவதில்லை.

முடிவுரை நீளமாக இருக்கும்: 'ழ வூ ப்ரி தக்ரெயே, ஷேர் மெஸியூ, லெக்ஸ்ப்ரெசியோன் த மே சாந்திமான் லே மேயர்.' எங்கள் நல்லெண்ணத்தை ஏற்றருளுங்கள் என்பதுபோல. மேலே எப்படி அழைத்தோமோ அதே சொற்கள் இதன் நடுவிலும் வர வேண்டும். மேலே 'மெஸியூ' என்று மட்டும் போட்டுவிட்டு இங்கே 'ஷேர் மெஸியூ' என்றால், வேறொரு கடிதத்தைப் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

ஓய்வு பெறுகிறவருக்குக் கடிதம் வேறு மாதிரி. அதே நிறுவனத்தில் நம் பில்களைப் பார்த்துவந்த கணக்குப் பிரிவு அம்மையார் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே 'ஃபெலிசித்தாசியோன்' முன்னால் வர வேண்டியதில்லை. நன்றிதான் முதலில்: 'மெர்ஸி பூர் தூத் ஸே ஸனே.' இத்தனை வருடங்களுக்கும் நன்றி. பிறகு வாழ்த்து: 'ழ வூ சுவெத் யூன் த்ரே பொன் ரத்ரெத்.' தங்கள் ஓய்வுக்காலம் மிக இனிதாக அமையட்டும். நெடுநாள் பழக்கம் என்றால் 'வூஸ் அலே நூ மான்கே' என்று சேர்க்கலாம். தாங்கள் இல்லாதது எங்களுக்குக் குறையாக இருக்கும் என்பது பொருள். ஒன்றிரண்டு முறை மட்டும் எழுதிப் பழகியவருக்கு இந்த வரி அதிகம். வயது, உடல்நலம், முதுமை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அம்மையாருக்கு ஆண் எழுதும்போது 'சாந்திமான்' என்ற சொல்லைத் தவிர்ப்பது பழைய முறை. 'பியேன் கோர்தியால்மான்' என்று முடித்தால் எந்தச் சங்கடமும் இல்லை.

காலமும் கவனிக்க வேண்டியது. ஓய்வு வாழ்த்து கடைசி வேலை நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அந்த நாளையொட்டி உடன் வேலை செய்பவர்கள் 'போ த தெபார்' என்று ஒரு சிறு விருந்து வைத்து, எல்லோரும் கையெழுத்திட்ட அட்டை கொடுப்பது வழக்கம். நம் கடிதமும் அப்போது அவர் கையில் இருந்தால் நல்லது. அதன் பிறகு போனால் அலுவலக மேஜையில் வேறொருவர் இருப்பார். பதவி உயர்வு வாழ்த்தோ, செய்தி நிறுவனத்தார் மூலம் வெளிவந்த பிறகே போக வேண்டும். தரகர் காதில் சொன்னதை நம்பி முந்தி எழுதினால், அவருக்கு இக்கட்டு.

இன்னொன்று, அதே உறையில் விலைப்பட்டியலை வைக்காதீர்கள். பாராட்டே ஆர்டருக்காக என்று ஆகிவிடும். வியாபாரம் பத்து நாள் கழித்துத் தனிக் கடிதத்தில் போகட்டும்.

நம் அளவு சரியா என்பதை அவர் பதிலே சொல்லிவிடும். அவர் 'கோர்தியால்மான்' என்று சுருக்கமாக முடித்திருந்தால், அடுத்த கடிதத்தில் நாமும் அந்த நீண்ட முடிவுரையை விட்டுவிடலாம். அவர் நீளமாக எழுதினால் நாமும் நீளமாகவே எழுத வேண்டும். அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அதே படியில் நாமும் நிற்பது நல்லது.

மேலே கொடுத்தவை தமிழ் எழுத்தில் ஓசை மட்டுமே. 'ஷேர்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஓசை, எழுத்து வேறு. எழுத்தின்மேல் வரும் கோடுகளும் முக்கியம். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் நம் உறவிலும் நட்பிலும் இருப்பார்கள். 1889 முதல் புதுச்சேரியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. தபாலில் சேர்க்குமுன் அப்படி ஒருவர் கண்ணில் பட்டு, எழுத்து சரி பார்க்கப்பட்டு வரட்டும்.