அறையில் வைக்கும் டவல் அட்டையில் என்ன எழுதலாம்?

கேள்வி: திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி லாட்ஜ் நடத்துகிறேன். 'பூமியைக் காப்போம், தண்ணீரை வீணாக்காதீர்கள், டவலை மறுபடியும் பயன்படுத்துங்கள்' என்று எல்லா அறைகளிலும் அட்டை வைத்தோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் மட்டும், "காசு கொடுத்துத்தானே தங்குறோம், எங்களுக்கு எதுக்குப் பாடம்?" என்று கோபப்பட்டார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: அவர் கோபம் நியாயமானது. டவல் துவைக்காவிட்டால் லாண்டரிச் செலவு உங்களுக்குத்தான் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். பூமியின் பெயரைச் சொல்லி அவரைக் குற்றவாளி ஆக்கினால் எரிச்சல்தான் வரும்.

முதலில் அட்டையை எல்லா அறைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இரவு வந்து காலையில் கிளம்புகிறவருக்கு அதனால் பயனில்லை. 'மறுபடியும்' என்ற சொல்லைப் பார்த்ததுமே, முன்னால் தங்கியவர் படுத்த பெட்ஷீட்டோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வரும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கும் நோயாளிக்குத் துணையாக வந்தவர், கல்யாணத்துக்கு முதல் நாளே வந்தவர் என்று இரண்டாம் இரவும் தங்குகிறவருக்கு மட்டும், மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்யும்போது ரூம் பாய் அட்டையை வைக்கட்டும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"நீங்கள் வந்தபோது இந்த அறையில் இருந்த பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் துவைத்துப் போட்டவை. இந்த அறையில் இரண்டாம் இரவும் தங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் நாளும் அதே டவலை வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் சம்மதம் என்றால் கம்பியில் போடுங்கள். மாற்ற வேண்டுமா, தரையில் போடுங்கள், உடனே மாற்றுகிறோம்."

இரண்டாவது வரி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்ற மூவர் அமெரிக்க ஹோட்டல் ஒன்றில் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வழக்கமான அட்டைக்குச் சுமார் 37 சதவீதம் பேர் இசைந்தார்கள். இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் இப்படிச் செய்தார்கள் என்ற அட்டைக்கு 49 சதவீதம். பிறகு ஜெர்மனியில் சோதித்தபோது இந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பலன் நிச்சயமில்லை; அந்த வரி உங்கள் லாட்ஜில் உண்மையா என்றும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு மாதம், அந்த இரண்டாவது வரி இல்லாமல் அட்டையை வைத்து, ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் கம்பியில் போட்டார்கள் என்று ரூம் பாயைக் குறிக்கச் சொல்லுங்கள். பாதியைத் தாண்டாத அறையில் அந்த வரி வேண்டாம். பொய் எழுதக் கூடாது.

பெரும்பாலும் திட்டம் கெடுவது அட்டையால் அல்ல. கம்பியில் போட்ட டவலையும் ரூம் பாய் பழக்கத்தில் உருவிக்கொண்டு போய்விடுவார். அதைப் பார்த்த விருந்தினர் அடுத்த முறை அட்டையை நம்பமாட்டார். இன்னொன்று, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரே கம்பியில் இரண்டு டவல் போட்டால் ஐப்பசி மழையில் காயாது. காற்று படும் இடத்தில் ஆளுக்கொரு கம்பி அடியுங்கள். மாலையில் தொட்டுப் பார்த்து ஈரமாகவோ வாடையாகவோ இருந்தால், கம்பியில் கிடந்தாலும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.