சுவரொட்டியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுவது ஏன்?

தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நாம் கடைக்குச் சுவரொட்டி அச்சடிக்கிறோம். டிசைன் ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அச்சகத்தார் கேட்பது, "ப்ளீட் விட்டிருக்கிறதா? கட்டிங் மார்க் இருக்கிறதா?" என்பதுதான். நம்மில் பலர், "அதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பிறகு கட்டு வந்து பிரித்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது, அல்லது டெலிபோன் நம்பரின் கடைசி எண் பாதி அறுந்திருக்கிறது. மறு அச்சுக்கு யார் பணம் கொடுப்பது என்று பேச்சு வரும்போது, "உங்கள் ஃபைலில் ப்ளீட் இல்லையே" என்று அச்சகத்தார் சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது. பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கையில் வாதாடிப் பயனும் இல்லை. ஆகவே இந்த இரண்டும் என்னவென்று நாமே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

காரணம் என்ன?

அச்சு இயந்திரம் காகிதத்தின் விளிம்பு வரை மை பதிக்காது. காகிதத்தைப் பிடித்து இழுக்க அதற்குச் சுற்றிலும் சிறிது வெற்றிடம் வேண்டும். அதனால் ஓரம் வரை நிறம் வேண்டுமென்றால், பெரிய தாளில் அச்சடித்துவிட்டுத் தேவையான அளவுக்கு வெட்டி எடுப்பது ஒன்றே வழி.

வெட்டும்போது தாள்களை ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. கட்டாக அடுக்கிக் கத்தியை இறக்குகிறார்கள். தாள்கள் இயந்திரத்துக்குள் போகும்போதே ஒன்றுக்கொன்று இம்மியளவு முன்பின் நகர்ந்திருக்கும். கத்தி இறங்கும்போது கட்டும் சற்று இழுபடும். இதனால் வெட்டு ஒரு மில்லிமீட்டர் வரை தள்ளிப் போவது சாதாரணம். நிறம் சரியாக வெட்டும் இடத்திலேயே முடிந்திருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டரும் வெள்ளையாகத் தெரியும்.

தையல்காரர் சட்டைக்கு அளவெடுத்துவிட்டு, தையலுக்குள் போவதற்கென்று கொஞ்சம் துணி கூடுதலாக விட்டு வெட்டுகிறார் அல்லவா? ப்ளீட் என்பதும் அதுதான். வெட்டும் கோட்டைத் தாண்டி நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி வைப்பதே ப்ளீட். கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று நான்கு மூலைகளிலும் போடும் சிறு கோடுகளே கட்டிங் மார்க். ப்ளீட் இல்லாமல் மார்க் மட்டும் இருந்தால் வெள்ளைக் கோடு விழும். மார்க் இல்லாமல் ப்ளீட் மட்டும் இருந்தால் எங்கே வெட்டுவது என்று தெரியாது.

ஒரு கணக்கு

மளிகைக் கடை ஒன்று தீபாவளிக்கு ஏ3 அளவில் 500 சுவரொட்டி போடுவதாக வைத்துக்கொள்வோம். ஓரம் வரை அரக்குச் சிவப்புப் பின்னணி. ஏ3 என்பது 297க்கு 420 மில்லிமீட்டர். இருபுறமும் 3 வீதம் கூட்டினால் நிறம் 303க்கு 426 இருக்க வேண்டும்.

இப்போது தாளைப் பாருங்கள். 12க்கு 18 அங்குலத் தாளின் அகலம் சுமார் 305 மில்லிமீட்டர். 303 போக மீதி 2 மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்கு ஒன்று. இயந்திரம் அவ்வளவு விளிம்பில் அச்சடிக்காது, மார்க்கும் விழாது. 13க்கு 19 அங்குலத் தாளின் அகலம் 330. பக்கத்துக்குப் பதின்மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மிஞ்சும். ஆகவே எந்தத் தாளில் அடிக்கப்போகிறார்கள் என்பதை முதலிலேயே கேளுங்கள். சின்னத் தாள்தான் உண்டு என்றால், சுவரொட்டியின் அளவை டிசைன் செய்யும் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலில் செய்ய வேண்டியது

நம் ஊர்களில் டிசைன் சென்டர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் CorelDRAW முறையைச் சொல்கிறோம். பக்க அளவை 297க்கு 420 என்றே வைக்க வேண்டும். பக்க அமைப்பில் Bleed என்ற கட்டத்தில் 3 mm என்று போட வேண்டும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கட்டம் எல்லையைக் காட்டுமே தவிர, பின்னணி நிறத்தைத் தானாக நீட்டாது. செவ்வகக் கருவியை இருமுறை கிளிக் செய்து பின்னணி போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் அது சரியாகப் பக்க அளவுக்கே, 297க்கு 420ஆக, நிற்கும். வெள்ளைக் கோட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைத் தேர்ந்தெடுத்து, விகிதப் பூட்டை எடுத்துவிட்டு, அளவை 303க்கு 426 என்று மாற்றி, P விசையை அழுத்தினால் பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும். பின்னணி நிறமாக இல்லாமல் புகைப்படமாக இருந்தால், பூட்டை எடுக்காமல் 103 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் போதும். படமும் கோணலாகாது.

வெட்டு வெளியே தள்ளுவது போலவே உள்ளேயும் தள்ளலாம். ஆகையால் விலை, முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாம் வெட்டும் கோட்டிலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிந்ததும் File பட்டியலில் Publish to PDF சென்று, Settings திறந்து, Prepress பகுதியில் Bleed limit என்பதை 3 mm என்றும், Crop marks என்பதையும் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். கட்டிங் மார்க்குக்கு அங்கே உள்ள பெயர் Crop marks.

கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது

பி.டி.எஃப். ஃபைலைத் திறந்து ஒரு மூலையைப் பெரிதாக்குங்கள். அங்குள்ள இரண்டு சிறு கோடுகளையும் மனதால் உள்ளே நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியேயும் நிறம் இருந்தால் ப்ளீட் இருக்கிறது. கோட்டோடு நிறம் நின்றுவிட்டால் இல்லை. நான்கு மூலையையும் பாருங்கள். பின்னணி நடுவில் நிற்காமல் ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் இரண்டு மூலைகளில்தான் தெரியும்.

அச்சகத்தில், தாளுக்குத் தக்கபடி சுருக்காமல் நூறு சதவீத அளவில் அடிக்கச் சொல்லுங்கள். சுருக்கி அடித்தால் மார்க்குகளும் சேர்ந்து சுருங்கி, வெட்டிய பின் சுவரொட்டி ஏ3யைவிடச் சிறியதாகிவிடும். முதலில் ஒரே ஒரு தாள் அடித்து, மார்க்குக்கு மார்க் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 297 வந்தால் மீதி 499ஐயும் அடிக்கச் சொல்லலாம்.

வெள்ளைப் பின்னணியில், எந்தப் படமும் நிறமும் ஓரத்தைத் தொடாமல் இருக்கும் சுவரொட்டிக்கு ப்ளீட் தேவையே இல்லை. அவசரத்துக்கு அடிக்கும் விலைப் பட்டியலை அப்படியே அமைத்துக்கொண்டால் பெரிய தாளும் வேண்டியதில்லை, வெட்டுக்கூலியும் மிச்சம்.