கூடை நிறைய மாம்பழம், ஒன்றுகூட இரட்டை இல்லாமல்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு டின் லேபிள் செய்து கொடுத்த முதல் வருஷம், புரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். கூடை நிறைய பெங்களூரா. எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. மண்டியில் நாற்பது வருஷம் காய் பார்த்த பெரியவர் ஒருவர் தாளைக் கையில் வாங்கினார், விரலை மூன்று இடத்தில் வைத்தார். "தம்பி, இதுவும் இதுவும் இதுவும் ஒரே காய்தானே? மூணுலயும் காம்புகிட்ட பால் வடிஞ்ச கறை இருக்கு பாரு."

லேபிள் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கறையைப் பற்றித்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பேக்கேஜிங் டிசைன் செய்பவர்களுக்குப் படத்தில் பழத்தை நகலெடுத்துக் கூடையை நிரப்பும் இந்த வேலை அடிக்கடி வரும். அதற்குக் காரணம் பருவம். மாங்கூழ் ஓடுவது மே முதல் ஜூலை வரை. லேபிள் அதற்கு முன்பே அச்சாகி வந்திருக்க வேண்டும். அதனால் பிப்ரவரியில் ஆர்டர் வரும்போது தோட்டத்தில் பழம் இருக்காது, போன வருஷம் எடுத்த ஒரு படம்தான் கையில் இருக்கும். அதில் பதினோரு பழம். வாடிக்கையாளர் கேட்பது குவிந்து வழியும் கூடை.

அப்படி ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். பதினோரு பழத்தை இருபத்தாறாக்க வேண்டும், அதாவது பதினைந்து நகல். பதினோரு பழத்தில் தழும்பு குறைவாகவும் ஓரம் முழுதாகத் தெரிகிறதாகவும் உள்ள ஏழைத் தேர்ந்தெடுங்கள். ஆறை இரண்டு முறையும் ஒன்றை மூன்று முறையும் எடுத்தால் பதினைந்து வந்துவிடும். அசலையும் சேர்த்தால் எந்தப் பழமும் நான்கு முறைக்கு மேல் வராது. அதைத் தாண்டினால் எவ்வளவு மெனக்கெட்டாலும் மறைப்பது கடினம்.

Clone Stamp கருவியால் பழத்தை முழுசாக இழுத்துப் போடாதீர்கள். பக்கத்துப் பழத்தின் ஓரமும் சேர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு திருத்தவும் முடியாது. ஒவ்வொரு பழத்தையும் Pen கருவியால் வெட்டி, தனி லேயராக்கி, மாஸ்க் போட்டு வையுங்கள். ஏழு பழத்துக்கு ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், பின்னால் எல்லாமே அதை நம்பித்தான் நிற்கிறது.

இப்போது கறை. நம் கண் பழத்தின் உருவத்தைவிட அதன் மேலுள்ள அடையாளத்தைத்தான் முதலில் பிடிக்கிறது. காம்புக் குழி, பால் வடிந்த கோடு, கறுப்புப் புள்ளி, சிவப்பு ஏறிய ஒரு திட்டு. அதனால் நகலை இடத்தில் வைப்பதற்கு முன்பே Healing Brush எடுத்து இவற்றை அழித்துவிடுங்கள். அழித்ததோடு நிறுத்தினால் பழம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். வேறொரு பழத்திலிருந்து ஒரு சின்னத் தழும்பையோ புள்ளிக்கூட்டத்தையோ எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள். பெங்களூராவுக்கு இன்னொரு அடையாளம் உண்டு, அதன் மூக்கு. கிளிமூக்கு என்று பெயர் வந்ததே அதனால்தானே. ஒரே வளைவுள்ள மூக்கு இரண்டு இடத்தில் தெரிந்தால் மண்டிக்காரர் கண்டுபிடித்துவிடுவார். Warp போட்டு ஒன்றில் மூக்கைக் கொஞ்சம் மழுக்குங்கள், இன்னொன்றைப் பக்கத்துப் பழத்தின் பின்னால் ஒளித்துவிடுங்கள். நகல்களில் பாதியையாவது மூன்றில் ஒரு பங்கு மறைத்து வைப்பது நல்லது, ஒவ்வொன்றிலும் மறைகிற பக்கம் மாற வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது வெளிச்சத்தில். ஒரே மாதிரி தெரியக் கூடாது என்று பழத்தை இடம் வலமாகப் புரட்டிவிடுவார்கள். அசல் படத்தில் வெளிச்சம் இடது ஜன்னலிலிருந்து வந்து, ஒவ்வொரு பழத்தின் இடது தோளிலும் வெள்ளைப் பளபளப்பு விழுந்திருக்கும். புரட்டிய பழத்தில் அது வலதுபுறம் போய்விடும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று தோன்றிவிடும். மேலே வெளிச்சத்தில் இருக்கிற பழங்களைப் பத்து, பதினைந்து டிகிரிக்குள் மட்டும் திருப்புங்கள். கூடையின் அடியில், நிழலுக்குள் கிடப்பவற்றைத் தலைகீழாகக்கூடப் போடலாம், அங்கே பளபளப்பே இல்லை. மேல் வரிசைக்குப் புரட்டிய பழம்தான் வேண்டும் என்றால் பளபளப்பை அழித்துவிட்டு, சரியான பக்கத்தில் தனி லேயரில் மென்மையான பிரஷ்ஷால் மறுபடி வரையுங்கள்.

நிழலுக்கு Multiply லேயர். அதில் கறுப்பைத் தீட்டாதீர்கள். இரண்டு மாம்பழம் தொடுகிற இடத்தில் விழும் நிழல் பழுப்பு கலந்த ஆரஞ்சாக இருக்கும், ஏனென்றால் ஒரு பழத்தின் மஞ்சள் அடுத்ததன் மேல் பிரதிபலிக்கிறது. தொடும் கோட்டில் அடர்த்தியாகத் தொடங்கி ஒரு விரல் அகலத்துக்குள் கரைந்துவிட வேண்டும். இந்த ஒன்று சரியாக அமைந்தால் மிதக்கிற பழம் கீழே உட்கார்ந்துவிடும்.

நிறத்தை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அச்சகத்தில் அதிர்ச்சி காத்திருக்கும். திரையில் ஒரு பழத்தை ஆரஞ்சாகவும் இன்னொன்றை அடர் ஆரஞ்சாகவும் ஆக்கியிருப்பீர்கள். அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு நான்கு மைக்குள் அடங்காது, இரண்டும் ஒரே மங்கிய ஆரஞ்சாக மாறி வரும். வேலை நடக்கும்போதே Ctrl+Y அழுத்தி Proof Colors-இல் பாருங்கள். அதிலும் வேறுபாடு நின்றால்தான் அது வேறுபாடு. பச்சை, மஞ்சள் பக்கம் கொஞ்சம் தள்ளுவது ஆரஞ்சைவிட நன்றாக நிற்கும். பெங்களூரா பழுத்தாலும் பச்சை விடாது என்பதால் அது இயல்பாகவும் இருக்கும்.

முடித்ததும் சோதனை. படத்தை இடம் வலமாகப் புரட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, கால்வாசி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படம், திரும்ப வருகிற வடிவம் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். முக்கியமாக மூன்று நகல்கள் ஒரே கோட்டில், சம இடைவெளியில் அமைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வருகிற நகலை அதன் அசலின் மேல் கொண்டுவந்து பொருத்தி, லேயரை Difference-இல் வையுங்கள். இரண்டும் ஒன்றாக உள்ள இடம் கறுப்பாகத் தெரியும். பழத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருந்தால் இன்னும் வேலை பாக்கி.

பழக்கூடைக்குப் பதிலாகப் புத்தக அலமாரியை நிரப்பும் வேலை வந்தாலும் முறை இதுதான், ஒரு விஷயம் மட்டும் வேறு: முதுகில் எழுத்து இருக்கும். புரட்டவே கூடாது. தலைப்பை அழித்து, உயரத்தைச் சிறிது குறைத்து, ஒன்றிரண்டைச் சாய்த்து வைத்தால் போதும்.

ஒரு எல்லையும் உண்டு. பன்னிரண்டு பழம் வரும் பரிசுப்பெட்டிக்குப் படம் என்றால் பன்னிரண்டுக்கு மேல் காட்டாதீர்கள். வாங்குபவர் எண்ணுவார். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

இந்த வேலையையே தொழிலாக வைத்துக்கொள்ள நினைத்தால், வருகிற ஜூனில் ஒரு க்ரேட் பழம் வாங்குங்கள். இருபது பழத்தைப் பொறுக்கி, காம்பிலிருந்து மூக்கு வரை ஓடும் அச்சில் கால் கால் சுற்றாகத் திருப்பி, பழத்துக்கு நான்கு படம். வெளிச்சத்தை இடது, வலது, மேல் என்று மாற்றி மூன்று தடவை. மொத்தம் இருநூற்று நாற்பது படம், ஒரு பகல் வேலை. காமிரா ஸ்டாண்டை அசைக்காதீர்கள், வெள்ளைத் துணியும் எக்ஸ்போஷரும் கடைசி வரை மாற வேண்டாம். பழத்தைத் துடைக்கவும் வேண்டாம், அந்தத் தூசியும் பால் கறையும்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. அடுத்த பிப்ரவரியில் ஆர்டர் வரும்போது, இடது வெளிச்சக் கோப்புறையைத் திறந்து இருபத்தாறு வெவ்வேறு பக்கங்களை எடுத்து அடுக்குவீர்கள்.